அருவி பட்டாட்டம் வருது, ஆனா ரோட்டுல கார் நிக்குதே: லாங் எக்ஸ்போஷர் ப்ராம்ப்ட் உதவி

ஆழியாறு_அம்மிணி

வணக்கமுங்க. எங்க தங்கும் விடுதிக்கு ஒரு மடிப்புத்தாள் அச்சடிக்கிறோம். அட்டைக்கு ஏஐ-ல ஒரு படம் செய்யலாம்னு பார்க்கிறேன். மலைப்பாதை ஓரமா ஒரு அருவி, தண்ணி பட்டுத்துணி மாதிரி வழியணும். பக்கத்து ரோட்டுல வண்டி தெரியக்கூடாது, அதோட வெளிச்சம் மட்டும் சிவப்பும் வெள்ளையுமா கோடு போட்டுப் போகணும். நம்ம குரங்கு அருவிப் பக்கம் மாதிரி இருந்தாப் போதும், அச்சு அசலா அதே இடம் வேண்டாம்.

வர்ற படமெல்லாம் ஏதோ ஒரு வகையில கோணலா வருது. தண்ணி முத்து முத்தா அந்தரத்துல நிக்குது. இல்லைன்னா தண்ணி நல்லா வந்து, ரோட்டுல பளபளன்னு ஒரு கார் நிக்குது, அதுக்கு வால் முளைச்ச மாதிரி வெளிச்சம். சில சமயம் பாறை, மரம், ரோடு எல்லாமே ஒரு பக்கமா இழுபட்டு வருது. நான் அடிக்கிறது இதுதான்:

```
beautiful waterfall near ghat road, cars with light trails,
motion blur, 30 sec shutter, sharp water droplets,
ultra detailed, 8k
```

எங்க கோளாறுன்னு யாராவது சொல்லுங்க.

ஷட்டர்_சரவணன்

அம்மிணி, கேமரா செட்டிங்கை முழுசா எழுதணும். எஃப் 11, 30 விநாடி, ஐஎஸ்ஓ 100, என்டி 1000 ஃபில்டர். நான் நிஜமா எடுக்கும்போது வைக்கிற அதே அளவுதான். இதைப் போட்டா ஏஐ-க்கு வேற வழியே இல்லை, லாங் எக்ஸ்போஷராத்தான் தரணும்.

நெல்லைத்_தம்பி

அக்கா, குற்றாலத்துல நான் போன்லயே எடுத்திருக்கேன். ஐபோன்ல லைவ் போட்டோ ஆன் பண்ணி எடுங்க, அப்புறம் அதுல லாங் எக்ஸ்போஷர்னு மாத்துங்க, தண்ணி பஞ்சு மாதிரி ஆயிரும். கையை மட்டும் ஆட்டக்கூடாது. பக்கத்துல இருக்க கைப்பிடிச் சுவர்ல போனைச் சாய்ச்சு வச்சிருங்க. சாரல் அடிக்கும், ஒரு துண்டு கொண்டு போங்க.

ஆழியாறு_அம்மிணி

தம்பி, நான் போட்டோ எடுக்கலைங்க, படத்தை ஏஐ-ல எழுதி வாங்குறேன். சாயங்காலம் ஆனா அருவிக்குள்ள விடமாட்டாங்க. வெளிச்சக் கோடு வேணும்னா இருட்டணும். ரெண்டும் சேர்ந்து நிஜத்துல கிடைக்காது, அதனாலதான் இந்தப் பாடு.

முக்காலி_மங்கை

நான் பல வருஷம் அருவியும் ரோடும் எடுத்தவள், இப்போ ஏஐ-லயும் விளையாடுறேன். அம்மிணியோட ப்ராம்ப்ட்டை வரிவரியாப் பிரிச்சுப் பார்ப்போம். அதுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு சண்டை போடுது.

`sharp water droplets` எழுதினா துளி உறைஞ்சுதான் வரும். அது ஆயிரத்துல ஒரு பங்கு விநாடி மாதிரியான வேகமான ஷட்டரோட அடையாளம். `ultra detailed, 8k` அதே பக்கம் இழுக்கும். தண்ணியில விவரம் கேட்டா அது தெறிப்பைத்தான் தரும். இந்த ரெண்டையும் எடுத்தாலே பாதி சரியாயிடும். கூர்மை வேணும்னா பாறைக்கும் கம்பிக்கும் தனியாக் கேளுங்க, மொத்தப் படத்துக்கும் கேட்காதீங்க.

`motion blur` அடுத்த வில்லன். அந்தச் சொல்லோட வலையில இருக்கிற படங்கள்ல நிறைய பேனிங் படங்கள். ஓடுற வண்டியோட கேமராவையும் திருப்பி எடுக்கிறது. அதுல வண்டி கூர்மையா இருக்கும், பின்னணி இழுபடும். உங்களுக்கு வேணும்கிறது நேர் எதிர்: அசையாதது எல்லாம் கூர்மை, அசையுறது மட்டும் கரையணும். அதனால அதைத் தூக்கிட்டு `long exposure`, `tripod` போடுங்க. பாறையும் மரமும் இழுபட்டு வந்ததுக்கு இதுதான் காரணம்.

கடைசியா `cars with light trails`. காரைக் கேட்டீங்க, கார் வந்திருச்சு. அது மேல என்ன தப்பு?

சரவணன் சார் சொல்ற எண்கள்ல கொஞ்சம் உண்மை இருக்கு. போட்டோ தளங்கள்ல படத்தோட அந்த அளவுகளையும் எழுதுறாங்க, அதனால அந்த எண்களைப் பார்த்தா மாடலுக்கு 'முக்காலி வச்ச படம்'னு ஒரு வாசனை அடிக்கும். ஆனா அதுக்குள்ள ஷட்டர் எதுவும் திறந்து மூடலை. 2 விநாடின்னு போட்டதையும் 30 விநாடின்னு போட்டதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, பெரும்பாலும் வித்தியாசம் சொல்ல முடியாது. விநாடியை எழுதுறதைவிட அந்த விநாடி தண்ணியை என்ன பண்ணும்னு எழுதினாத்தான் வேலைக்காகும்.

ஷட்டர்_சரவணன்

எனக்கு எண்ணு போட்டு நல்லாத்தான் வருது மேடம். முக்கால்வாசி நேரம் சரியா வரும்.

முக்காலி_மங்கை

நீங்க கூடவே 'லாங் எக்ஸ்போஷர்'னும் எழுதியிருப்பீங்க சார். அந்த எண்ணை மட்டும் வச்சு, அதை எடுத்துட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க.

கோவை_கதிர்

காரை வேண்டாம்னு எப்படிச் சொல்றது? நான் 'நோ கார்ஸ்'னு எழுதினா இன்னும் ரெண்டு கார் கூடுதலா வருது.

முக்காலி_மங்கை

எந்தக் கருவிங்கிறதைப் பொறுத்தது கதிர். பழைய ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகையில ப்ராம்ப்ட்டுக்குள்ள 'இல்லை'ங்கிற சொல்லுக்குப் பலமே கிடையாது, கார்ங்கிற சொல்லுக்குத்தான் பலம். அதுல நெகட்டிவ் ப்ராம்ப்ட்னு தனிப்பெட்டி இருக்கு, அங்கே போடணும். மிட்ஜர்னில இப்படி:

```
--no cars, vehicles
```

ஃப்ளக்ஸ் டெவ் மாதிரி சிலதுல நெகட்டிவ் பெட்டி சாதாரணமா வேலை செய்யாது. உரையாடி வாங்குற புதுக் கருவிகளுக்கு 'வண்டி வேண்டாம்'னா ஓரளவு புரியும், ஆனாலும் நம்பி இருக்க முடியாது. எல்லாத்துக்கும் பொதுவான வழி ஒண்ணுதான். வண்டிங்கிற பேச்சையே எடுக்காம, `the road is empty`ன்னு ரோட்டைப் பத்திச் சொல்லிட்டு, வெளிச்சக் கோட்டை ஒரு தனிப் பொருளா வர்ணிக்கிறது.

உண்மையில வண்டி ஏன் தெரியாம போகுதுங்கிறதும் இதுல உதவும். 20 விநாடி ஷட்டர் திறந்திருக்கு. இருட்டான வண்டி உடம்பு ஒரு இடத்துல அரை விநாடிகூட இல்லை, அதனால பதியாது. விளக்கு பிரகாசமானது, கடந்த இடத்துலெல்லாம் தடம் வைக்கும். 1838-ல டாகேர் பாரிஸ் தெருவை எடுத்தப்போ போக்குவரத்து மொத்தமும் மறைஞ்சு, ஷூ பாலிஷுக்கு நின்ன ஆள் மட்டும் பதிஞ்சது இதே கணக்குல.

அதனாலதான் கூர்மையான காரும் நீள வாலும் சேர்ந்து வந்தா பொய்னு கண் உடனே சொல்லிடும். ஃப்ளாஷ் அடிச்சா மட்டும் அப்படி வரும். அதுவும் ஷட்டர் மூடுற நேரத்துல ஃப்ளாஷ் அடிச்சாத்தான் வால் பின்னாடி வரும். திறந்த உடனே அடிச்சா வெளிச்சம் காருக்கு முன்னாடி ஓடுற மாதிரி இருக்கும்.

ஆழியாறு_அம்மிணி

அப்போ எப்படி எழுதுறதுன்னு ஒண்ணு போட்டுக் காட்டுங்க அக்கா.

முக்காலி_மங்கை

போடுறேன், அதுக்கு முன்னாடி ஒண்ணைத் தீர்மானிக்கணும். படம் முழுக்க ஒரே ஷட்டர். அருவி ஒரு நேரக்கணக்குலயும் ரோடு வேற நேரக்கணக்குலயும் இருக்க முடியாது.

எல்லாரும் ஆசைப்படுற அந்தப் பட்டு இழை, அதாவது நூல் நூலா கோடு தெரியுற தண்ணி, கால் விநாடியில இருந்து ஒரு விநாடி வரைக்கும்தான். பத்து விநாடிக்கு மேல போனா இழையெல்லாம் ஒண்ணுசேர்ந்து வெறும் புகையாயிடும். வண்டிக் கோடு நீளமா வர பத்து, இருபது விநாடி வேணும். அதனால உங்க படத்துல தண்ணி புகையாத்தான் இருக்கணும். இழையா வந்தா அழகா இருக்கும், ஆனா ரெண்டு படத்தை ஒட்டின மாதிரித் தெரியும். தண்ணி விழுற குட்டையும் அப்படித்தான். மேல புகை மாதிரி வழிஞ்சு, கீழ அலை கூர்மையா நின்னா மாட்டிக்கிட்டீங்க. குட்டையும் தட்டையா, பனி படர்ந்த மாதிரி இருக்கணும்.

அடுத்தது நேரம். பட்டப்பகல்ல வெளிச்சக் கோடு பதியாது, நல்ல இருட்டுல அருவி தெரியாது. சூரியன் மறைஞ்சு வானம் நீலமா இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் ரெண்டுக்கும் பொது. அப்போ தண்ணி பால் வெள்ளையா மின்னாது, வானத்து நீலத்தை வாங்கிச் சாம்பல் கலந்து இருக்கும். ஏஐ அதுக்குள்ள ட்யூப்லைட் போட்ட மாதிரி எரிய விடும். அதனால நிறத்தையும் சொல்லிடுங்க.

```
Long exposure photo at blue hour, tripod. A thin waterfall
beside a mountain road, the water blurred into soft blue-grey
mist, the pool below flat and hazy. Wet black rocks and the
roadside railing are sharp. The road is empty; continuous red
and white light trails at headlamp height follow the bend
and run out of the frame.
```

`thin`னு போட்டது வேணும்னேதான். வெள்ளம் மாதிரி கொட்டுற அருவியை நீளமாத் திறந்து எடுத்தா சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி ஒரே வெள்ளையாயிடும், உள்ளே ஒண்ணும் இருக்காது.

நெல்லைத்_தம்பி

சீசன்ல பேரருவியை எடுத்தா இதேதான் அக்கா. எனக்கு வெள்ளைச் சுவர்தான் வந்துச்சு, நான் போன் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். கூட்டத்துல குளிக்கிறவங்க எல்லாம் பேய் மாதிரி வந்தாங்க.

முக்காலி_மங்கை

அந்தப் பேய்தான் சரியான படம் தம்பி. ஏஐ கிட்ட கேட்டா குளிக்கிறவங்க ஒவ்வொரு தலைமுடியும் தெரியக் கூர்மையா நிப்பாங்க, தலை மேல விழுற தண்ணி மட்டும் பஞ்சா இருக்கும்.

ஆழியாறு_அம்மிணி

அக்கா, நீங்க சொன்னதைப் போட்டேன். தண்ணி பிரமாதமுங்க! காரும் போயிருச்சு. ஆனா ரோட்டுக் கோடுதான் வில்லங்கம். வளைவு வந்ததும் ரோடு ஒரு பக்கம் திரும்புது, கோடு நேரா பள்ளத்துக்குள்ள போகுது. ஒரு கோடு நடுவழியில் அந்தரத்துல நிக்குது. சிவப்பும் வெள்ளையும் கயிறு முறுக்கின மாதிரி ஒண்ணாப் பின்னிக் கிடக்கு.

ரிட்டயர்டு_டிரைவர்

எனக்கு இந்த ஏஐ எல்லாம் தெரியாது, என் பேத்தி காட்டினாள். வால்பாறை ரூட்ல பஸ் ஓட்டினவன் நான், அதனால ரோட்டைப் பத்திச் சொல்லலாம். படத்துல எல்லாமே தப்பா இருக்கு. நம்ம ஊர்ல இடது பக்கம்தான் போகணும். நான் ரோட்டைப் பார்த்து நின்னா எனக்கு இடது பக்கம் போற வண்டியோட முதுகு தெரியும், அது சிவப்பு. வலது பக்கம் எதிர்ல வர்ற வண்டி, அது வெள்ளை. இந்தப் படத்துல இடது பக்கம் வெள்ளை, வலது பக்கம் சிவப்பு. எல்லா வண்டியும் ராங் சைடுல போகுது.

இன்னொண்ணு. மலை இறங்கும்போது செகண்ட் கியர்ல இறங்கினாலும் வளைவுக்கு வளைவு பிரேக் மிதிச்சுத்தான் ஆகணும். இறங்குற வண்டியோட சிவப்பு அங்கங்கே கூடும். ஏறுற வண்டிக்கு அது இருக்காது. படத்துல ஒரே சீரா மருதாணி இழுத்த மாதிரி இருக்கு.

முக்காலி_மங்கை

டிரைவர் ஐயா, இந்தப் பக்கத்துலயே உருப்படியான பதிவு உங்களோடதுதான். வலையில கிடைக்கிற வெளிச்சக் கோட்டுப் படங்கள்ல ஏகப்பட்டது அமெரிக்கா, ஐரோப்பா ரோடுகள். அங்கே வலது பக்கம் ஓட்டுறாங்க, அதனால வெள்ளை இடது, சிவப்பு வலது. ஏஐ அதைத்தான் பழகியிருக்கு. 'சிவப்பு இடது பக்கம்'னு எழுதிப் பார்க்கலாம், ஆனா இடம் வலம் சொன்னா அது கேட்கிறதும் உண்டு, கேட்காததும் உண்டு. ப்ராம்ப்ட்டோட மல்லுக்கட்டாம படத்தைக் கண்ணாடி மாதிரி கிடைமட்டமாப் புரட்டிடுங்க, பக்கம் மாறிடும். படத்துல பெயர்ப்பலகை, மைல்கல் எதுவும் இருக்கக்கூடாது, எழுத்து கண்ணாடியில பார்க்கிற மாதிரி இடவலம் மாறித் தெரியும். உங்க படத்துல இடம் குறிப்பா இல்லாததால புரட்டலாம்.

பள்ளத்துல பாயுற கோட்டுக்கும் காரணம் இருக்கு. அதுக்கு ரோடு ஒரு வடிவம், கோடு இன்னொரு வடிவம். கோடுங்கிறது அந்த ரோட்டுல ஓடின வண்டி விட்டுப்போன தடம்ங்கிறது அதுக்குத் தெரியாது. நேர் ரோட்டுல தப்பிச்சுக்கும், வளைவுல மாட்டிக்கும்.

ஷட்டர்_சரவணன்

அப்போ முழு மலைப்பாதையும் மேலே இருந்து தெரியுற மாதிரி கேளுங்க. ஒன்பதாவது கொண்டைஊசி வளைவுல லோம்ஸ் வியூ இருக்குல்ல, அங்கே இருந்து ஆழியாறு அணை பின்னாடி தெரிய, நாலைஞ்சு வளைவும் ஒளிப்பாம்பு மாதிரி. 30 விநாடி எக்ஸ்போஷர்ல சூப்பரா வரும்.

முக்காலி_மங்கை

சார், ஒரு சின்னக் கணக்கு. மலைப்பாதையில வண்டி மணிக்கு 30 கிலோமீட்டர்னு வைங்க. விநாடிக்கு எட்டு மீட்டர் சொச்சம். 30 விநாடியில 250 மீட்டர். அது ஒரு வளைவைத் தாண்டவே சரியாப் போகும், நாலைஞ்சு வளைவுக்கு எங்கே போறது? அந்த மாதிரி முழுப் பாம்பு படங்கள்ல பல நிமிஷம் திறந்து வச்சிருப்பாங்க, இல்லைன்னா வரிசையா நிறைய படம் எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கியிருப்பாங்க. அடுக்கும்போது ரோட்டுக்கு லைட்டன், அதாவது ஒவ்வொரு புள்ளியிலயும் பிரகாசமானதை மட்டும் வச்சுக்கிறது. தண்ணிக்கு அது ஆகாது, சராசரி எடுக்கணும்.

அம்மிணி படத்துல ஒரு கோடு நடுவுல நின்னுச்சே, அதுகூட நிஜத்துல நடக்கிறதுதான். ஷட்டர் மூடும்போது வண்டி அங்கே இருந்திருக்கும். ஆனா அப்போ கோடு ரோடு மேலயே, விளக்கு உயரத்துல நிக்கணும். அந்தரத்துல நிக்காது.

ரிட்டயர்டு_டிரைவர்

அந்தப் பாம்பு படத்துலயும் ஒண்ணு பாருங்க. கொண்டைஊசியில ஒரே வண்டி இந்தப் பக்கம் வரும்போது உங்களுக்கு முகம் காட்டும், திரும்பினதும் முதுகு காட்டும். அப்போ ஒரே கோடு ஒரு அடுக்குல வெள்ளை, அடுத்த அடுக்குல சிவப்பு. பேத்தி காட்டினதுல மேலே இருந்து கீழ வரைக்கும் ஒரே சிவப்பாப் போகுது. வண்டி எல்லா வளைவையும் ரிவர்ஸ்லயா இறங்குச்சு?

கோவை_கதிர்

ஐயா, செம! 😂 இதை ப்ராம்ப்ட்ல எப்படி எழுதுறது மங்கை மேடம்?

முக்காலி_மங்கை

எழுதி வாங்க முடியும்னு எனக்குத் தோணலை. 'வளைவுல நிறம் மாறணும்'னு சொன்னா கோடு முழுக்க வானவில் ஆக்கிடுது. நான் செய்றது வேற. கோடே இல்லாத வெறும் ரோட்டுப் படத்தை முதல்ல வாங்கிக்குவேன். அப்புறம் கிருதா மாதிரி ஒரு வரைகருவியில புது லேயர் போட்டு, ரோட்டு வளைவைப் பின்பற்றி நானே கோடு இழுத்து, லேயரை ஸ்க்ரீன் மோடுக்கு மாத்துவேன். காருக்கு இணைகோடு, பைக்குக்கு ஒத்தைக்கோடு, லாரிக்கு இன்னும் உயரத்துல ரெண்டு. ஐயா சொன்ன பிரேக் இடங்கள்ல சிவப்பைக் கொஞ்சம் தடிமனாக்கணும். ஈர ரோடா இருந்தா கீழே அதோட மங்கலான பிரதிபலிப்பு. கடைசியா அந்தப் பகுதியை மட்டும் மாஸ்க் பண்ணி, டீநாய்ஸ் அளவைக் குறைவா, 0.3 பக்கம் வச்சு ஒரு தடவை ஓட்டினா கைவேலை படத்தோட கலந்துடும். கூட வச்சா அது திரும்பவும் காரை நட்டுடும்.

ஷட்டர்_சரவணன்

இவ்வளவு கையால வரையிறதுக்கு ஏஐ எதுக்கு? ரெண்டு போட்டோ எடுத்து ஒட்டிடலாமே.

முக்காலி_மங்கை

பகல்ல அருவி, சாயங்காலம் ரோடு, ரெண்டையும் எடுக்க முடிஞ்சா நானும் அதைத்தான் சொல்வேன். ஆனா பகல்ல எடுத்த அருவியை நீலப்பொழுதுக்கு மாத்துறதும் லேசுப்பட்ட வேலை இல்லை சார்.

கோவை_கதிர்

எனக்கு வேற ஒரு உறுத்தல். விடுதி விளம்பரத்துல இப்படி ஒரு அருவியைப் போட்டா, வர்றவங்க 'இது எங்கே இருக்கு'ன்னு கேட்க மாட்டாங்களா? சாயங்காலம் உள்ளேயே விடாத இடத்தைச் சாயங்காலப் படமாக் காட்டுறது சரியா?

ஆழியாறு_அம்மிணி

கீழ சின்னதா 'கற்பனைப் படம்'னு போடலாம்னு இருக்கேனுங்க. உள்பக்கம் எல்லாம் நாங்க எடுத்த நிஜப் படங்கள்தான்.

கோவை_கதிர்

சின்ன எழுத்தை யார் படிக்கிறாங்க அக்கா. அட்டைக்கும் நிஜப் படமே போடலாம்ங்கிறது என் கட்சி.

ஷட்டர்_சரவணன்

லாங் எக்ஸ்போஷரே பொய்தானே கதிர்? எந்த அருவி நம்ம கண்ணுக்குப் புகை மாதிரி தெரியுது? அதை யாரும் கேட்கிறதில்லை.

கோவை_கதிர்

அது நிஜமா இருக்கிற அருவிங்க. வந்து பார்த்தா தண்ணி கொட்டும்.

ஆழியாறு_அம்மிணி

வீட்டுக்காரர்கிட்டயும் கேட்டுட்டு முடிவு பண்றேனுங்க. இப்போதைக்குப் படத்தைப் புரட்டியாச்சு, சிவப்பு இடது பக்கம் வந்திருச்சு. கோட்டையெல்லாம் அழிச்சுட்டு என் பையனை வரையச் சொல்லியிருக்கேன். டிரைவர் ஐயா, நம்ம அரசுப் பேருந்து ஒண்ணு போன தடம் மாதிரி இருந்தா நல்லா இருக்கும்னு நினைக்கிறேன். அது எப்படித் தெரியும்?

ரிட்டயர்டு_டிரைவர்

ராத்திரி பஸ்ல உள் லைட் எரியும்மா. முன்விளக்கு கீழே ரெண்டு கோடுன்னா, மேலே ஜன்னல் உயரத்துல அகலமா ஒரு மங்கல் பட்டை ஓடும். லாரிக்கு அது இருக்காது. பஸ் போச்சுன்னு அதை வச்சே சொல்லிடலாம்.

ஆழியாறு_அம்மிணி

அதை ப்ராம்ப்ட்லயே எழுதிப் பார்த்தேனுங்க ஐயா, ஜன்னல்ங்கிற சொல்லைப் பார்த்ததும் முழு பஸ்ஸையே கொண்டாந்து நிறுத்திடுச்சு. அதுவும் ரெண்டு மாடி பஸ். மங்கை அக்கா, அந்தப் பட்டையை வரையும்போது என்ன நிறம், எவ்வளவு மங்கலா வைக்கிறது?

முக்காலி_மங்கை

மஞ்சள் கலந்த வெள்ளை, லேயர் அடர்த்தி 15 சதவீதத்துல ஆரம்பிங்க. பின்னாடி இருக்கிற பாறை அது வழியாத் தெரியணும். தெரியலைன்னா இன்னும் குறைங்க.